இரண்டு 230 வோல்ட் சேர்ந்தால் ஏன் 400 ஆகிறது?

மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மீட்டர் பலகைக்கு R, Y, B என்று மூன்று ஃபேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரலும் வந்து சேர்கின்றன. எந்த ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துப் பார்த்தாலும் சுமார் 230 வோல்ட் காட்டும். அதே மீட்டரை இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவே வைத்தால் சுமார் 400 வோல்ட் காட்டும்.

230-உம் 230-உம் கூட்டினால் 460. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 0. மீட்டர் இந்த இரண்டில் எதையும் காட்டாமல் 400-ஐக் காட்டுகிறது. மூன்று கம்பிகளிலும் மின்னழுத்தத்தின் அளவு ஒன்றுதான். ஆனால் அவை ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்குவதில்லை. ஒன்று உச்சத்தில் இருக்கும்போது மற்றொன்று பாதி வழியில் இறங்கிக்கொண்டிருக்கும். அதனால் அளவு என்ற ஓர் எண் மட்டும் இங்கே போதாது. அளவோடு கோணமும் வேண்டும்.

இப்படி அளவும் கோணமும் கொண்ட ஒன்றை எழுத இரண்டு வழிகள் உண்டு. பொறியியல் முதலாண்டு மாணவர்கள் ஒன்றை ரெக்டாங்குலர் ஃபார்ம் என்றும் மற்றொன்றைப் போலார் ஃபார்ம் என்றும் சொல்வார்கள். பிளஸ் டூ கணிதப் புத்தகத்தில் அவை செவ்வக வடிவம், துருவ வடிவம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது எப்படி, எந்த இடத்தில் அது தவறிப்போகிறது, தவறியதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை இந்த மூன்று ஃபேஸ் கம்பிகளை வைத்தே பார்த்துவிடலாம்.

ஒரே இடம், இரண்டு முகவரி

ஒரு முச்சந்தியில் நின்று வழி கேட்கிறீர்கள். ஒருவர், "கிழக்கே 300 மீட்டர் போய், வடக்கே திரும்பி 400 மீட்டர் போங்க" என்கிறார். இன்னொருவர் கையை நீட்டி, "நேரா இந்தத் திசையில் 500 மீட்டர்" என்கிறார். இருவரும் காட்டுவது ஒரே இடத்தைத்தான். முதலாமவர் சொன்னது செவ்வக வடிவம், அடுத்தவர் சொன்னது துருவ வடிவம்.

செவ்வக வடிவத்தை x + jy என்று எழுதுகிறோம். x கிடைத்திசையில் போகும் தூரம். அதை மெய்ப்பகுதி என்பார்கள். y செங்குத்துத் திசையில் போகும் தூரம், அது கற்பனைப்பகுதி. கணித வகுப்பில் i என்று எழுதியதை மின்பொறியியலில் j என்று எழுதுவார்கள், ஏனென்றால் i என்ற எழுத்து மின்னோட்டத்துக்குப் போய்விட்டது. துருவ வடிவத்தை r∠θ என்று எழுதுகிறோம். r என்பது நடுப்புள்ளியிலிருந்து நேர்தூரம், θ என்பது கிடைக்கோட்டின் வலப்பக்கத்திலிருந்து அளந்த கோணம். கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றினால் கோணம் நேர்க்குறி, முள் சுற்றும் திசையில் சுற்றினால் எதிர்க்குறி.

துருவத்திலிருந்து செவ்வகத்துக்கு வருவது சுலபம்.

x = r cos θ
y = r sin θ

10∠30° என்பதை மாற்றிப் பார்ப்போம். x = 10 × 0.866 = 8.66, y = 10 × 0.5 = 5. ஆகவே விடை 8.66 + j5. இந்தத் திசையில் போகும்போது குறி பற்றிய கவலையே வேண்டாம். கோணம் எதுவாக இருந்தாலும் சைனும் கொசைனும் சரியான குறியைத் தாமே கொண்டுவந்து தரும்.

செவ்வகத்திலிருந்து துருவத்துக்குப் போக, நீளத்துக்குப் பிதாகரஸ் தேற்றமும் கோணத்துக்கு டேன் இன்வர்ஸும் உதவும்.

r = √(x² + y²)
θ = tan⁻¹(y/x)

3 + j4-ஐ எடுத்தால் r = √(9 + 16) = 5. கோணம் tan⁻¹(4/3) = 53.13°. விடை 5∠53.13°.

முதல் வாய்ப்பாடு எப்போதும் சரி. இரண்டாவது வாய்ப்பாடு பாதி நேரம்தான் சரி. தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் அந்த மீதிப் பாதியில்தான்.

டேன் இன்வர்ஸ் எதை மறந்துவிடுகிறது?

y-ஐ x-ஆல் வகுத்த அந்தக் கணத்தில் ஒரு தகவல் தொலைந்துபோகிறது. 3 + j4-இல் விகிதம் 4/3. −3 − j4-இல் விகிதம் −4/−3, அதாவது அதுவும் 4/3. முதலாவது வலப்பக்கம் மேலே இருக்கிறது, அடுத்தது இடப்பக்கம் கீழே, நேர் எதிரில் இருக்கிறது. இரண்டுக்கும் கால்குலேட்டர் தருவது ஒரே 53.13° தான். அதன் கைக்குக் கிடைத்தது விகிதம் மட்டுமே. எந்த எண் எதிர்க்குறி என்பது வகுத்தபோதே போய்விட்டது.

டேன் இன்வர்ஸ் எப்போதும் −90°-க்கும் +90°-க்கும் நடுவேதான் விடை தரும். அது படத்தின் வலப்பாதி. புள்ளி இடப்பாதியில் இருந்தால், அதாவது x எதிர்க்குறியாக இருந்தால், நாம்தான் 180° திருப்ப வேண்டும். விதி இவ்வளவுதான்:

x நேர்க்குறி என்றால், டேன் இன்வர்ஸ் தந்த கோணத்தை அப்படியே எடுக்கலாம்.
x எதிர்க்குறி, y நேர்க்குறி என்றால், அதனோடு 180° கூட்ட வேண்டும்.
x, y இரண்டுமே எதிர்க்குறி என்றால், அதிலிருந்து 180° கழிக்க வேண்டும்.
x பூஜ்யம் என்றால் வகுக்கவே வேண்டாம். y நேர்க்குறியானால் 90°, எதிர்க்குறியானால் −90°.

இரண்டு கணக்கில் பார்ப்போம். முதலில் −4 + j3. நீளம் 5. கால்குலேட்டரில் tan⁻¹(3/−4) போட்டால் −36.87° வரும். ஆனால் புள்ளி இடப்பக்கம் மேலே, இரண்டாம் கால்பகுதியில் இருக்கிறது, −36.87° என்பது வலப்பக்கம் கீழே. எனவே 180° கூட்டுகிறோம். சரியான விடை 5∠143.13°.

அடுத்து −5 − j12. நீளம் √(25 + 144) = 13. tan⁻¹(12/5) = 67.38°. புள்ளி மூன்றாம் கால்பகுதியில் இருப்பதால் 67.38 − 180 = −112.62°. விடை 13∠−112.62°. இதையே 13∠247.38° என்று எழுதினாலும் தவறில்லை. 360° வித்தியாசம் உள்ள இரண்டு கோணங்கள் ஒரே திசையைத்தான் காட்டும். ஆனாலும் −180°-க்கும் +180°-க்கும் நடுவே எழுதுவதுதான் சுற்றுக் கணக்குகளில் வழக்கம்.

விதியை மனப்பாடம் செய்வதைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. கணக்கைத் தொடங்குமுன் ஓரத்தில் சின்னதாக ஒரு கூட்டல் குறி வரைந்து, புள்ளி எந்தக் கால்பகுதியில் விழுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அளவு சரியாக இருக்கத் தேவையில்லை. இடமா வலமா, மேலா கீழா என்று தெரிந்தால் போதும். கால்குலேட்டர் தரும் கோணம் அந்தப் படத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் படம்தான் சரி.

மூன்று ஃபேஸ் கம்பிகள்

இப்போது 400 வோல்ட் கேள்விக்கு வரலாம். மூன்று ஃபேஸ்களின் மின்னழுத்தங்களும் ஒன்றுக்கொன்று 120° தள்ளி இருக்கும்படிதான் மின்நிலையத்தில் ஜெனரேட்டரின் சுருள்களை அமைத்திருக்கிறார்கள். R ஃபேஸை ஆதாரமாக வைத்துக்கொண்டால்,

VR = 230∠0°
VY = 230∠−120°
VB = 230∠120°

R-க்கும் Y-க்கும் இடையே மீட்டர் காட்டுவது இவற்றின் வித்தியாசம்: VRY = VR − VY. துருவ வடிவத்தில் வைத்துக்கொண்டு இதைக் கழிக்க முடியாது. நீளத்தை நீளத்திலிருந்தும் கோணத்தைக் கோணத்திலிருந்தும் கழித்தால் வருவது அர்த்தமற்ற எண். கூட்டலும் கழித்தலும் செவ்வக வடிவத்தின் வேலை. ஆகவே முதலில் மூன்றையும் மாற்றுவோம்.

VR = 230 + j0
VY: 230 × cos(−120°) = −115, 230 × sin(−120°) = −199.2. ஆகவே VY = −115 − j199.2
VB = −115 + j199.2

இனி கழித்தல் வெறும் பள்ளிக் கணக்கு.

VRY = VR − VY = 230 − (−115 − j199.2) = 345 + j199.2

இதைத் துருவ வடிவத்துக்கு மாற்றினால் நீளம் √(345² + 199.2²) = 398.4. கோணம் tan⁻¹(199.2/345) = 30°. x நேர்க்குறி என்பதால் திருத்தம் எதுவும் வேண்டாம். VRY = 398.4∠30°. மீட்டர் காட்டிய 400 வோல்ட் இதுதான். 230-ஐ √3 என்ற எண்ணால் பெருக்கினாலும் இதே விடை வரும். பாடப்புத்தகத்தில் வரும் அந்த √3 பிறப்பது இந்தக் கழித்தலில்தான்.

Y-க்கும் B-க்கும் இடையே:

VYB = VY − VB = (−115 − j199.2) − (−115 + j199.2) = −j398.4

மெய்ப்பகுதி பூஜ்யமாகிவிட்டது. இங்கே y/x என்று போட்டால் பூஜ்யத்தால் வகுத்ததாகும். கால்குலேட்டர் பிழை என்று காட்டும். படத்தைப் பார்த்தால் புள்ளி நேர்கீழே இருக்கிறது. VYB = 398.4∠−90°.

மூன்றாவதாக B-க்கும் R-க்கும் இடையே:

VBR = VB − VR = (−115 + j199.2) − 230 = −345 + j199.2

நீளம் அதே 398.4. கால்குலேட்டரில் tan⁻¹(199.2/−345) போட்டால் −30° வருகிறது. இங்கேதான் பலர் 398.4∠−30° என்று எழுதி முடித்துவிடுவார்கள். x எதிர்க்குறி, y நேர்க்குறி. புள்ளி இரண்டாம் கால்பகுதி. 180° கூட்ட வேண்டும். VBR = 398.4∠150°.

விடை சரியா என்று எப்படித் தெரியும்? 30°, −90°, 150° ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று 120° தள்ளி நிற்கின்றன. மூன்று ஃபேஸ் அமைப்பில் அப்படித்தான் இருக்க வேண்டும். மேலும் R-இலிருந்து Y, Y-இலிருந்து B, B-இலிருந்து மறுபடி R என்று ஒரு சுற்று சுற்றி வந்தால் மொத்த மின்னழுத்தம் பூஜ்யமாக வேண்டும். கூட்டிப் பார்ப்போம்: மெய்ப்பகுதிகள் 345 + 0 − 345 = 0, கற்பனைப்பகுதிகள் 199.2 − 398.4 + 199.2 = 0. திருத்தாமல் விட்ட −30° விடையைச் செவ்வக வடிவத்துக்குத் திருப்பினால் 345 − j199.2 வரும். அதை வைத்துக் கூட்டினால் மொத்தம் 690 − j398.4. சுற்றிவந்து அதே கம்பியைத் தொட்டபின் இவ்வளவு மின்னழுத்தம் மிஞ்ச முடியாது. நீளம் சரியாக இருந்தும் கோணம் தலைகீழாகப் போனது இப்படித்தான் அம்பலமாகிறது.

இதே வழியில் நியூட்ரல் கம்பியில் ஓடும் மின்னோட்டத்தையும் கண்டுபிடிக்கலாம். R ஃபேஸில் 10 ஆம்பியர், Y-இல் 6, B-இல் 4 என்று வெறும் ஹீட்டர் வகைச் சுமைகள் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். நியூட்ரலில் திரும்பி வருவது மூன்றின் கூட்டுத்தொகை.

10∠0° = 10 + j0
6∠−120° = −3 − j5.196
4∠120° = −2 + j3.464

மொத்தம் 5 − j1.732. நீளம் √(25 + 3) = 5.29, கோணம் −19.1°. மூன்று ஃபேஸ்களிலும் சேர்த்து 20 ஆம்பியர் ஓடுகிறது. நியூட்ரலில் ஓடுவதோ 5.29 ஆம்பியர். மூன்று ஃபேஸ்களிலும் சுமையைச் சமமாகப் பிரித்தால் கூட்டுத்தொகை பூஜ்யமாகும். வயரிங் செய்கிறவர்கள் அறைகளை மூன்று ஃபேஸ்களுக்கும் பங்கிட்டுக் கொடுப்பதற்கு இது ஒரு காரணம்.

பெருக்கலும் வகுத்தலும் துருவத்தின் பக்கம்

கூட்டலுக்குச் செவ்வகம் என்றால், பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் துருவம். பெருக்கும்போது நீளங்களைப் பெருக்கி, கோணங்களைக் கூட்ட வேண்டும். வகுக்கும்போது நீளங்களை வகுத்து, கோணங்களைக் கழிக்க வேண்டும். ஒரே கணக்கில் இரண்டு வகை வேலையும் வருவதால்தான் வடிவத்தை மாற்றி மாற்றிப் போக வேண்டியிருக்கிறது. ஒரு சிறு பட்டறையின் சுற்றில் இதைப் பார்க்கலாம்.

230 வோல்ட் சப்ளையில் இரண்டு சுமைகள் பக்க இணைப்பில் இருக்கின்றன. ஒன்று கம்பிச் சுருள் கொண்ட மோட்டார் வகைச் சுமை. அதன் இம்பீடன்ஸ் 6 + j8 ஓம். மற்றொன்று 20 ஓம் ஹீட்டர். சப்ளையிலிருந்து மொத்தம் எவ்வளவு மின்னோட்டம் வரும்?

சுருளின் மின்னோட்டம் காண வகுக்க வேண்டும். ஆகவே இம்பீடன்ஸைத் துருவ வடிவத்துக்கு மாற்றுகிறோம். 6 + j8 = 10∠53.13°.

I1 = 230∠0° ÷ 10∠53.13° = 23∠−53.13° ஆம்பியர்

எதிர்க்குறிக் கோணம், மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பின்னால் தாமதமாக வருகிறது என்பதைச் சொல்கிறது. சுருள் உள்ள சுற்றில் இது எதிர்பார்த்ததுதான். ஹீட்டருக்கு I2 = 230 ÷ 20 = 11.5∠0° ஆம்பியர்.

இனி இரண்டையும் கூட்ட வேண்டும். 23-உம் 11.5-உம் சேர்த்து 34.5 என்று எழுதக் கை துடிக்கும், கூடாது. செவ்வக வடிவத்துக்குத் திரும்புவோம்.

I1 = 23 cos 53.13° − j23 sin 53.13° = 13.8 − j18.4
I2 = 11.5 + j0
மொத்தம் = 25.3 − j18.4

நீளம் √(25.3² + 18.4²) = 31.28, கோணம் −36.03°. சப்ளை கம்பியில் ஆம்மீட்டர் மாட்டினால் 31.28 ஆம்பியர் காட்டும். இரண்டு கிளைகளிலும் தனித்தனியாக 23, 11.5 காட்டும் அதே நேரத்தில் மொத்தம் 34.5 காட்டாது.

இந்த விடையைச் சரிபார்க்க மின்திறனை எடுத்துக்கொள்ளலாம். மின்தடையில் செலவாகும் திறன் I²R. சுருளில் 23² × 6 = 3174 வாட், ஹீட்டரில் 11.5² × 20 = 2645 வாட், மொத்தம் 5819 வாட். சப்ளை பக்கம் பார்த்தால், மின்னழுத்தம் 0° கோணத்தில் இருப்பதால் திறன் என்பது 230-ஐ மின்னோட்டத்தின் மெய்ப்பகுதியால் பெருக்கினால் வருவது: 230 × 25.3 = 5819 வாட். இரண்டும் ஒன்றே. மாற்றும்போது எங்காவது சறுக்கியிருந்தால் இவை ஒத்துப்போயிருக்காது.

25.3 − j18.4 என்ற செவ்வக வடிவம் இன்னொன்றையும் காட்டுகிறது. 25.3 ஆம்பியர்தான் வேலை செய்கிறது. 18.4 ஆம்பியர் சுருளின் காந்தப்புலத்துக்காகப் போய்ப்போய்த் திரும்பி வருகிறது. கம்பியைச் சூடாக்குவதோடு சரி. அதே இடத்தில் +j18.4 ஆம்பியர் எடுக்கும் மின்தேக்கி ஒன்றைப் பக்க இணைப்பில் போட்டால் கற்பனைப்பகுதி பூஜ்யமாகி, சப்ளை மின்னோட்டம் 31.28-இலிருந்து 25.3-ஆகக் குறையும். 230 ÷ 18.4 = 12.5 ஓம் மின்மறுப்புள்ள மின்தேக்கி அது. 50 ஹெர்ட்ஸில் சுமார் 255 மைக்ரோஃபாரட். பட்டறைகளில் பவர் ஃபேக்டரைச் சரிசெய்ய கெப்பாசிட்டர் பேங்க் போடுவதன் கணக்கு இந்த ஒரு கழித்தலில் அடங்கியிருக்கிறது. துருவ வடிவத்தில் 31.28∠−36.03° என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த 18.4 கண்ணில் படாது.

மாறுமின்னோட்டக் கணக்குகளை இப்படிக் கலப்பெண்களால் போடும் முறையை 1893-இல் சிகாகோவில் நடந்த சர்வதேச மின்பொறியியல் மாநாட்டில் விரிவாக முன்வைத்தவர் சார்லஸ் புரோட்டியஸ் ஸ்டைன்மெட்ஸ். வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்த்துக் கிடைத்த விடையை அவருடைய முறை கூட்டல், பெருக்கலாக மாற்றிவிட்டது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. எல்லா மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே அதிர்வெண்ணில், சீராக ஓடிக்கொண்டிருக்கும் சைன் அலைகளாக இருக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் அலையையும் 150 ஹெர்ட்ஸ் அலையையும் இந்த முறையில் ஒன்றோடொன்று கூட்ட முடியாது. அவற்றுக்கு இடையேயான கோணம் நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருக்கும். சுவிட்ச் போட்ட முதல் கணத்தில் நடப்பதையும் இது சொல்லாது.

கால்குலேட்டரில் கவனிக்க வேண்டியவை

தேர்வறையில் பயன்படும் அறிவியல் கால்குலேட்டர்களில் Pol( என்றும் Rec( என்றும் இரண்டு கட்டளைகள் இருக்கும். Pol(−345, 199.2) என்று கொடுத்தால் நீளம் 398.4, கோணம் 150° என்று நேராக வந்துவிடும். இங்கே x, y இரண்டையும் குறியோடு தனித்தனியாகக் கொடுக்கிறோம், வகுத்துக் கொடுப்பதில்லை. அதனால்தான் அது கால்பகுதியைச் சரியாகக் கண்டுகொள்கிறது. நீளத்தை முதலிலும் கோணத்தை அடுத்தும் கொடுத்தால் Rec( செவ்வக வடிவத்தைத் தரும்.

ஆனாலும் கால்குலேட்டர் பாகையில் இருக்கிறதா என்று பார்க்காமல் தொடங்கக் கூடாது. தேர்வு தொடங்கியதும் Pol(3, 4) போட்டுப் பாருங்கள். கோணம் 53.13 என்று வந்தால் பாகை. 0.927 என்று வந்தால் ரேடியனில் இருக்கிறது. 59.03 வந்தால் கிரேடியன். இந்த ஒரு சோதனைக்கு ஐந்து விநாடி போதும்.

கணினியிலும் இதே வேறுபாடு உண்டு. பைத்தானில் atan என்ற செயற்கூறு விகிதத்தை மட்டும் பார்க்கும்; atan2 இரண்டு எண்களையும் குறியோடு பார்க்கும். atan2-இல் y-ஐ முதலிலும் x-ஐ அடுத்தும் கொடுக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. கலப்பெண்ணாகவே கொடுத்தால் இந்தக் குழப்பமும் இல்லை:

```python
import cmath, math
z = complex(-345, 199.2)
r, theta = cmath.polar(z)
print(r, math.degrees(theta))
```

இது 398.4-ஐயும் 150-ஐயும் ஒட்டிய எண்களைத் தரும். cmath.polar கோணத்தை ரேடியனில்தான் தருகிறது. அதனால்தான் கடைசி வரியில் பாகைக்கு மாற்றியிருக்கிறோம்.

கையால் போடும்போது இடைப்பட்ட எண்களை அவசரப்பட்டுச் சுருக்கவும் கூடாது. ஒரு கணக்கில் மூன்று நான்கு முறை வடிவம் மாறும். ஒவ்வொரு முறையும் 53.13-ஐ 53 ஆக்கினால் பிழை சேர்ந்துகொண்டே போகும். ஏறக்குறைய சமமான இரண்டு எண்களைக் கழிக்க நேர்ந்தால் அந்தப் பிழை விடையையே விழுங்கிவிடும். நான்கு முக்கிய இலக்கங்களை வைத்துக்கொண்டு, கடைசி வரியில் மட்டும் சுருக்குங்கள்.

முதலாண்டில் இந்தப் பாடத்தைப் படிக்கும் மாணவர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். கால்குலேட்டரில் Pol( இருக்கிறதே என்று ஓரத்தில் படம் போடுவதை விட்டுவிடாதீர்கள். குறியைத் தவறாகத் தட்டினால் கால்குலேட்டருக்குத் தெரியாது, படத்துக்குத் தெரியும். மேலே உள்ள பட்டறைக் கணக்கில் ஹீட்டரை 20 ஓமுக்குப் பதில் 10 ஓமாக மாற்றி, மொத்த மின்னோட்டத்தை நீங்களே போட்டுப் பாருங்கள். 36.8 − j18.4 வந்து, துருவ வடிவத்தில் 41.14∠−26.57° என்று கிடைத்தால் இரண்டு வடிவங்களும் உங்கள் கைக்கு வந்துவிட்டன.